நாஸ் பெட்டியில் ஒரு டிஸ்க் போய்விட்டது, எந்த ட்ரேயை உருவுவது? 4 டிபிக்குப் பதில் என்ன வாங்குவது?

குடந்தை_ஸ்டுடியோ (திங்கள், இரவு 9:40)

வணக்கம். கும்பகோணத்தில் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 5 வருடத்துக்கு முன்னால் நண்பர் ஒருவர் 4 ட்ரே உள்ள ஒரு பெட்டியில் டெபியன் போட்டு நாஸ் செய்து கொடுத்தார். 4 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5. அவர் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. இன்று மதியம் பெட்டியிலிருந்து மெயில் வந்தது, degraded என்று. கோப்புகள் எல்லாம் திறக்கின்றன, கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். நண்பர் எழுதி வைத்துப் போன கட்டளையைப் போட்டுப் பார்த்தேன், இப்படி வருகிறது:

```
md0 : active raid5 sdd[4] sdc[2](F) sdb[1] sda[0]
      11720658432 blocks super 1.2 level 5, 512k chunk, algorithm 2 [4/3] [UU_U]
```

sdc போய்விட்டது என்பது புரிகிறது. முன்பக்கம் நான்கு ட்ரே, ஒன்றிலும் எண் ஒட்டவில்லை. எதை உருவுவது? இன்னொரு சந்தேகம், டிஸ்க் 4 டிபி என்றுதான் வாங்கினோம், பெட்டி 3.6 என்று காட்டுகிறது. 4 வாங்கினால் பொருந்துமா, அல்லது 3.6 என்று தனியாக ஏதாவது இருக்கிறதா? உள்ளே 2016 மகாமகம் முழுக்க இருக்கிறது, கஜா புயலுக்கு மறுநாள் வேதாரண்யம் பக்கம் போய் எடுத்ததும் இருக்கிறது, இவற்றுக்கு வேறு பிரதி இல்லை. வெள்ளிக்கிழமை முகூர்த்தம் வேறு.

குடமுருட்டி (திங்கள், இரவு 10:05)

இதில் என்ன குழப்பம் சார், a, b, c, d. c என்றால் இடமிருந்து மூன்றாவது. கீழே [UU_U] என்று வருகிறது பாருங்கள், அதிலும் மூன்றாவது இடம்தான் காலி. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. ஓடும்போதே உருவலாம், சாட்டா எல்லாம் அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். 4 டிபி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் போட்டுவிடுங்கள். நான் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன், அரை மணி நேர வேலை.

வெண்ணாறு (திங்கள், இரவு 10:31)

ஸ்டுடியோ சார், இன்று இரவு எதையும் உருவாதீர்கள். பெட்டியை அப்படியே விடுங்கள்.

குடமுருட்டி சொல்வது கம்பெனியில் செய்து வரும் பெட்டிக்குப் பெரும்பாலும் பொருந்தும், அதன் திரையே "டிரைவ் 3" என்று ட்ரே எண்ணைச் சொல்லிவிடும். இது நண்பர் கையால் கட்டியது. sda, sdb என்பவை டிஸ்க்கின் பெயர் இல்லை, பெட்டி எழுந்திருக்கும்போது யார் முதலில் கை தூக்கினார்களோ அந்த வரிசை. அடுத்த முறை எழுந்தால் மாறலாம். [UU_U] என்பது ரெய்டு தன் கணக்கில் வைத்திருக்கும் வரிசை, அதற்கும் தகரப் பெட்டியில் எந்த ஓட்டையில் எது இருக்கிறது என்பதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான்கு டிஸ்க்கையும் கலைத்துப் போட்டு வேறு வேறு ட்ரேயில் செருகினாலும் ரெய்டு பாட்டுக்கு ஓடும், ஏனென்றால் ஒவ்வொரு டிஸ்க்கின் உள்ளேயும் தான் எத்தனையாவது ஆள் என்று எழுதியிருக்கிறது.

மாறாமல் இருப்பது சீரியல் நம்பர் ஒன்றுதான். அது டிஸ்க்கின் மேல் அச்சடித்திருக்கும், மென்பொருளும் அதையே சொல்லும். இதை அடித்து வருவதைப் போடுங்கள்:

```
cat /proc/mdstat
lsblk -d -o NAME,SIZE,SERIAL
```

நாகை_உப்புக்காற்று (திங்கள், இரவு 11:12)

எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணே. 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க், யூஎஸ்பியில் போட்டால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, கம்ப்யூட்டரில் காட்டவில்லை. இதை நாஸ் பெட்டிக்குள் போட்டால் ரெய்டு சரி செய்துவிடுமா?

குடந்தை_ஸ்டுடியோ (செவ்வாய், காலை 9:20)

வெண்ணாறு சார், ஒரு தப்பு நடந்துவிட்டது. கடையைத் திறந்த தம்பி, பெட்டி மந்தமாக இருக்கிறதே என்று ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டான். எழுந்துவிட்டது, படங்கள் தெரிகின்றன. ஆனால் இப்போது வேறு மாதிரி வருகிறது:

```
md0 : active raid5 sde[4] sdc[1] sdb[0]
      11720658432 blocks super 1.2 level 5, 512k chunk, algorithm 2 [4/3] [UU_U]

NAME   SIZE SERIAL
sda  111.8G S3X0A71C
sdb    3.6T K4H1T7NB
sdc    3.6T K4H1W2PE
sdd    3.6T K4H19KLM
sde    3.6T K4H1V6RA
```

நேற்று F போட்டிருந்த sdc இன்று நல்லவர் பட்டியலில் இருக்கிறது! தானாகவே சரியாகிவிட்டதா?

வெண்ணாறு (செவ்வாய், காலை 9:48)

சரியாகவில்லை, பெயர் மாறியிருக்கிறது. அந்த 111.8ஜி உங்கள் டெபியன் இருக்கும் சின்ன எஸ்எஸ்டி. நேற்று அது கடைசியில் sde-ஆக இருந்திருக்க வேண்டும், இன்று முந்திக்கொண்டு sda ஆகிவிட்டது, மற்ற எல்லாரும் ஒரு எழுத்து தள்ளிப்போயிருக்கிறார்கள். நேற்றைய sdc தான் இன்றைய sdd. பட்டியலில் ரெய்டு யாரை விட்டிருக்கிறது என்று பாருங்கள்: sdb, sdc, sde உள்ளே, sdd வெளியே. எழும்போது அந்த டிஸ்க்கின் கணக்கு பழசாக இருந்ததால் சேர்க்காமல் விட்டிருக்கிறது.

நேற்று இரவு தாளில் "sdc கெட்டது" என்று எழுதி வைத்துவிட்டு இன்று அதை நம்பி இறங்கியிருந்தால், ஒழுங்காக ஓடும் ஒரு டிஸ்க்கைக் கழற்றியிருப்பீர்கள். தம்பியைத் திட்டாதீர்கள், அவன் செய்ததில்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது.

ஆக, உங்கள் கெட்ட டிஸ்க்கின் பெயர் 9KLM. இனிமேல் எழுத்தையே மறந்துவிட்டு இந்தக் கடைசி நான்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து, நான்கு பேரின் உடம்பையும் பார்த்துவிடலாம்:

```
for d in b c d e; do echo sd$d; smartctl -A /dev/sd$d | grep -E '^ *(5|9|197|199) '; done
```

மாயவரம்_அக்கா (செவ்வாய், காலை 10:15)

199-ஐ முதலில் பாருங்கள் தம்பி. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் இந்த மாதிரி பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் இதே மாதிரி ஒரு டிஸ்க் வெளியேறியது, புதுசு வாங்கிப் போட்டோம், பத்து நாளில் புதுசும் வெளியேறியது. கடைசியில் பார்த்தால் சாட்டா ஒயர்தான் தளர்ந்திருந்தது. டிஸ்க்கில் கோளாறு இருந்தால் 5, 197 ஏறும். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் வழியில் கோளாறு, அதாவது ஒயர் அல்லது ட்ரேக்குப் பின்னால் இருக்கும் சொருகி. எங்கள் பழைய டிஸ்க் இன்னும் வேறு கம்ப்யூட்டரில் ஓடுகிறது.

குடந்தை_ஸ்டுடியோ (செவ்வாய், காலை 10:50)

அக்கா, நான்கிலும் 199 பூஜ்யம். sdd-யில் 5-க்கு நேராக 1104, 197-க்கு நேராக 296. sdb, sdc இரண்டிலும் எல்லாம் பூஜ்யம். sde-யில் 5 பூஜ்யம், ஆனால் 197-இல் 8 என்று இருக்கிறது. 9 என்பது ஓடிய மணி நேரமா? எல்லாவற்றிலும் 41 ஆயிரத்துச் சொச்சம்.

வெண்ணாறு (செவ்வாய், காலை 11:20)

ஆமாம், ஓடிய மணி நேரம், ஏறக்குறைய 4 வருடம் 8 மாதம். ஒரே நாளில் வாங்கிய நான்கு, ஒரே அறையில் ஒரே வெயிலில் ஓடியவை, ஆகவே ஒன்று போனால் அடுத்தது வரிசையில் நிற்கும். sdd போனது உறுதி. எனக்குக் கவலை sde-யின் அந்த 8 தான்.

இப்போது நீங்கள் புது டிஸ்க் போட்டு மறுகட்டுமானம் ஆரம்பித்தால், மீதி மூன்று டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசி வரை ஒரு இடம் விடாமல் படித்துத்தான் நான்காவதன் உள்ளடக்கத்தைக் கணக்குப் போட முடியும். sde-யில் 8 இடங்கள் படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கின்றன. மறுகட்டுமானம் அங்கே வந்து முட்டும்போது ஈடு கொடுக்க வேறு டிஸ்க் கிடையாது, அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்தான் வெளியே போய்விட்டாரே. சில சமயம் அந்தத் துண்டை மட்டும் கெட்டது என்று குறித்துக்கொண்டு தாண்டிப் போகும், சில சமயம் அப்படியே நின்றுவிடும்.

அதனால் டிஸ்க் மாற்றுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, இன்றே ஒரு யூஎஸ்பி டிஸ்க்கை நேராகப் பெட்டியிலேயே சொருகி, திரும்ப எடுக்க முடியாததை மட்டும் நகல் எடுங்கள். மகாமகம், கஜா, இன்னும் ஒப்படைக்காத கல்யாணங்கள். ஆல்பம் கொடுத்து முடித்ததெல்லாம் பிறகு பார்க்கலாம்.

குடமுருட்டி (செவ்வாய், மதியம் 12:02)

சரி, எழுத்து விஷயம் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். என் இரண்டு பெட்டியும் கடையில் வாங்கியவை. ஆனால் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறதே. 9KLM என்று தெரிந்துவிட்டது, அது எந்த ட்ரேயில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? சீரியல் டிஸ்க்கின் மேல் இருக்கிறது, டிஸ்க் பெட்டிக்குள் இருக்கிறது. பார்க்கவேண்டுமென்றால் உருவித்தானே ஆகவேண்டும்!

மன்னை_மதில் (செவ்வாய், மதியம் 12:40)

உருவுவதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள். இது கடையில் வாங்கிய பெட்டிதான், பெயர் வேண்டாம். திரையில் "டிஸ்க் 2 பழுது" என்று வந்தது. முன்பக்கம் 1, 2, 3, 4 என்று அழகாக அச்சடித்திருந்தது. 2-ஐ உருவினேன், ஓடிக்கொண்டிருக்கும்போதே. அடுத்த நொடி ஆபீசில் எல்லாரும் கத்துகிறார்கள், கோப்பு இல்லை, கோப்பு இல்லை என்று. மென்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, பெட்டி ஒன்றிலிருந்து எண்ணுகிறது. அது சொன்ன 2 என்பது பெட்டியின் 3. ஆக நான் நல்லதை உருவிவிட்டேன், நான்கில் இரண்டு இல்லை, ரெய்டு 5 படுத்துவிட்டது.

பதறிப்போய் திரும்பச் செருகினேன். திரை என்ன கேட்டது தெரியுமா, புதிய டிஸ்க் வந்திருக்கிறது, தொகுப்பைப் புதிதாக உருவாக்கலாமா என்று. விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. நல்லவேளை, மச்சான் ஒருவன் போனில் "ஒன்றையும் தொடாதே, ஆஃப் செய்" என்று கத்தினான். அமுக்கியிருந்தால் 6 வருடக் கணக்கு வழக்கு அம்போ.

வெண்ணாறு (செவ்வாய், மதியம் 1:15)

மன்னை சொன்னதில் முக்கியமானது கடைசிப் பகுதி. தவறான ட்ரேயை உருவினால் தகவல் அந்த நொடியே அழிவதில்லை, தொகுப்பு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அழிப்பது அதற்குப் பிறகு நாம் பதற்றத்தில் அமுக்கும் "உருவாக்கு", "துவக்கு" மாதிரிப் பொத்தான்கள்தான். பெட்டியை அணைத்து, உருவியதை அதே இடத்தில் செருகி, எழுப்பி, ஒவ்வொரு டிஸ்க்கும் கடைசியாக எந்த எண்ணிக்கையில் நின்றது என்று பார்க்கவேண்டும். மூன்று நல்ல டிஸ்க்கின் பெயர் b, c, e என்று வைத்துக்கொண்டால்:

```
mdadm --examine /dev/sd[bce] | grep -E '^/dev|Events'
mdadm --stop /dev/md0
mdadm --assemble --force /dev/md0 /dev/sdb /dev/sdc /dev/sde
```

எண்ணிக்கை மூன்றிலும் ஒன்றாகவோ, சில எண்கள் மட்டும் தள்ளியோ இருந்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். முதலில் பழுதான டிஸ்க்கை இந்த வரியில் சேர்க்கக் கூடாது, அதன் எண்ணிக்கை ரொம்பப் பின்தங்கியிருக்கும்.

இப்போது குடமுருட்டி கேட்டது. நல்ல கேள்விதான். சில பெட்டிகளில் `ledctl` என்று ஒன்று வேலை செய்யும், சொன்ன டிஸ்க்கின் ட்ரே விளக்கைத் தனியாகச் சிமிட்ட வைக்கும், கையால் கட்டிய பெட்டியில் அது அநேகமாக இருக்காது. ஸ்டுடியோ சார், ட்ரேக்கு ஒன்றாக ஒரு விளக்கு எரிகிறதா, டிஸ்க் வேலை செய்யும்போது சிமிட்டுமா?

குடந்தை_ஸ்டுடியோ (செவ்வாய், மதியம் 1:30)

எரிகிறது சார், நீல விளக்கு. சிமிட்டும். `ledctl` இல்லை என்கிறது.

வெண்ணாறு (செவ்வாய், மதியம் 1:52)

போதும். கெட்டதைத் தேடாதீர்கள், நல்ல மூன்றையும் கண்டுபிடியுங்கள். மிஞ்சுவது கெட்டது. கெட்ட டிஸ்க்கைப் படிக்கச் சொன்னால் அது சிமிட்டலாம், தொங்கலாம், நம்ப முடியாது. நகல் எடுத்து முடிந்த பிறகு, யாரும் பெட்டியைப் பயன்படுத்தாத நேரத்தில், ஒவ்வொன்றாக:

```
dd if=/dev/sdb of=/dev/null bs=1M count=3000
```

20, 25 நொடி ஒரே ஒரு விளக்கு விடாமல் அடிக்கும். அந்த ட்ரேயின் மேல் பிளாஸ்திரி ஒட்டி 7NB என்று எழுதுங்கள். அப்புறம் sdc, அப்புறம் sde. ஒரு எச்சரிக்கை, `if` என்பது எங்கிருந்து, `of` என்பது எங்கே. இரண்டையும் மாற்றி அடித்தால் டிஸ்க்கின் மேலேயே எழுதப் போய்விடும். அடித்த பிறகு ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு எண்டர் தட்டுங்கள்.

மாயவரம்_அக்கா (செவ்வாய், மாலை 4:10)

விளக்கில் தெரிந்த பிறகு அணைத்துவிட்டு உருவச் சொல்லப் போகிறீர்களா, ஓடும்போதேவா? எனக்கு இதில் வேறு கருத்து. 5 வருடமாக நிற்காமல் சுழன்ற டிஸ்க், முழுதாக நின்று ஆறிவிட்டால் மறுபடி சுழலாமலே போகலாம். காலையில் தம்பி ஆஃப் செய்து உடனே ஆன் செய்ததில் பிழைத்துவிட்டது, அது வேறு. ஒன்று ஏற்கெனவே இல்லாத நிலையில் இன்னொன்று எழவில்லை என்றால் கதை முடிந்தது. ட்ரே தெளிவாகத் தெரிந்துவிட்டால் ஓடும்போதே உருவுவது மேல் என்பேன்.

மன்னை_மதில் (செவ்வாய், மாலை 4:25)

அக்கா, அணைத்துவிட்டு உருவினால் தவறான ட்ரேயாக இருந்தாலும் சீரியலைப் படித்துவிட்டுத் திரும்பச் செருகிவிடலாம், ஒன்றும் ஆகாது. ஓடும்போது உருவினால் அந்த வாய்ப்பே இல்லை. ஒரு முறை சூடு பட்டவன் சொல்கிறேன்.

வெண்ணாறு (செவ்வாய், மாலை 5:05)

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இதில் எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. அக்காவின் பள்ளிப் பெட்டியில் ட்ரே விளக்கும் பதிவும் ஒழுங்காக இருக்கும். ஸ்டுடியோ பெட்டியில் பின்னால் ஒயர் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது, ஓடும்போது உருவ அந்த போர்டில் வசதி செய்திருக்கிறார்களா என்பதும் தெரியாது. நான் இங்கே அணைத்துவிட்டுச் செய்யத்தான் சொல்வேன், நகல் கையில் இருப்பதால்.

குடந்தை_ஸ்டுடியோ (புதன், காலை 8:30)

நகல் முடிந்தது, 2.1 டிபி, மாலையில் ஆரம்பித்து நள்ளிரவு தாண்டி ஆறு மணி நேரத்துக்கு மேல். இன்று காலை விளக்கு வேலை. 7NB இடமிருந்து இரண்டாவது. 2PE முதலாவது. 6RA, அந்த 8 காட்டிய ஆள், மூன்றாவது! மிஞ்சியது வலது ஓரம் நான்காவது. திங்கள் இரவே மூன்றாவதை உருவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது டிஸ்க் வாங்கவேண்டும். தஞ்சாவூரில் விசாரித்தேன். ஒரு கடையில் 4 டிபி பழையது ஒன்று, பெரிய ஆபீஸ் சர்வரிலிருந்து கழற்றியது, விலை பாதி என்கிறார். இன்னொரு கடையில் புதுசு, 4-ம் 6-ம் இருக்கின்றன. அந்த 3.6 கேள்விக்கும் பதில் சொல்லுங்கள்.

குடமுருட்டி (புதன், காலை 8:55)

3.6 என்பது ஃபார்மேட் செய்ததில் போன இடம் சார். எல்லா டிஸ்க்கிலும் கொஞ்சம் போகும்.

வெண்ணாறு (புதன், காலை 9:20)

இடம் எங்கும் போகவில்லை, அளக்கும் படி வேறு. டிஸ்க் விற்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், பெட்டி 1024, 1024 என்று வகுக்கிறது. அதே டிஸ்க், ஒருவருக்கு 4, இன்னொருவருக்கு 3.6. உங்களுக்குத் தேவையானது இந்த இரண்டு எண்ணும் இல்லை, மொத்த பைட்:

```
blockdev --getsize64 /dev/sdb
```

உங்கள் பெட்டியில் 4000787030016 என்று வரும் என்று நினைக்கிறேன். 4 டிபி டிஸ்க் செய்யும் கம்பெனிகள் எல்லாரும் ஒரு பொது வாய்பாட்டின்படி இந்த அளவையே வைப்பதால், புது 4 டிபி எந்தப் பெயரில் வாங்கினாலும் பெரும்பாலும் பொருந்தும். கூட இருந்தால் பரவாயில்லை, குறையத்தான் கூடாது. சில மெகாபைட் குறைந்தாலே `not large enough to join array` என்று சொல்லிச் சேர்க்காது, கெஞ்சினாலும் சேர்க்காது.

சர்வரிலிருந்து கழற்றியது வேண்டாம். அந்த மாதிரி டிஸ்க்கில் முந்தைய பெட்டி வாலில் கொஞ்சம் மறைத்து வைத்திருக்கலாம், சிலவற்றில் செக்டார் 512-க்குப் பதில் 520 பைட்டாக இருக்கும், சிலவற்றின் சொருகியே எஸ்ஏஎஸ், உங்கள் போர்டில் ஏறாது. 6 டிபி வாங்கினால் ஓடும், ஆனால் 4-ஐ மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், நான்கையும் மாற்றும் வரை மேலே 2 டிபி சும்மா கிடக்கும். sde-யும் சீக்கிரம் போகப் போகிறது, ஆகவே வருங்காலத்துக்கு 6 என்று முடிவு செய்தால் தப்பில்லை.

கடையில் ஒன்று கேளுங்கள், சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று. எஸ்எம்ஆர் என்றால் தடங்கள் ஓட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒன்றில் எழுத அடுத்ததையும் மாற்றி எழுதவேண்டும். மறுகட்டுமானம் மாதிரி மணிக்கணக்காக எழுதும் வேலையில் திணறி, நாட்கணக்காக இழுக்கும். 2020-இல் நாஸுக்கென்றே விற்ற சில மாடல்கள்கூட எஸ்எம்ஆர் என்று வெளியாகிப் பெரிய சண்டை நடந்தது. அட்டைப்பெட்டியில் எழுதியிருக்காது, மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் விவரத்தாளில் பார்க்கவேண்டும்.

மன்னை_மதில் (புதன், காலை 9:41)

அந்தப் பாதி விலை ஆசையில்தான் நானும் விழுந்தேன். பழைய ரெய்டு அட்டையில் இருந்து வந்த டிஸ்க், வால் வெட்டியிருந்தது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அதில் பாட்டு வைத்திருக்கிறேன்.

குடந்தை_ஸ்டுடியோ (வியாழன், மாலை 5:15)

புது 4 டிபி, சிஎம்ஆர், சீரியல் கடைசி R2VD. பெட்டியை அணைத்து, வலது ஓர ட்ரேயை உருவினேன். மேல் பக்கச் சீட்டு ட்ரே தகட்டில் மறைந்திருந்தது, ஆனால் டிஸ்க்கின் ஓரத்தில் சின்னச் சீட்டில் 9KLM என்று தெளிவாக இருந்தது. அப்பாடா. புதிதைப் போட்டு எழுப்பினேன், மற்ற மூன்றும் எழுந்துவிட்டன (அக்கா, உங்கள் பயம் எனக்கும் இருந்தது). இப்போது --fail, --remove எல்லாம் அடிக்கவேண்டுமா?

வெண்ணாறு (வியாழன், மாலை 5:32)

வேண்டாம், பழையதை ரெய்டு ஏற்கெனவே வெளியே வைத்துவிட்டது. அடிக்கவேண்டியது --add ஒன்று. அதற்கு முன்னால், நகல் எடுத்த யூஎஸ்பி டிஸ்க் இன்னும் சொருகியிருக்கிறதா? இருந்தால் முறையாக அன்மவுண்ட் செய்து கழற்றி அலமாரியில் வையுங்கள். எழுத்து மறுபடி மாறியிருக்கும், தப்பித்தவறி அதை --add செய்தால் உங்கள் ஒரே நகலின் மேல் மறுகட்டுமானம் ஓடும். அப்புறம்:

```
ls -l /dev/disk/by-id/ | grep R2VD
blockdev --getsize64 /dev/sdd
mdadm --manage /dev/md0 --add /dev/sdd
cat /proc/mdstat
```

முதல் வரியில் எந்த எழுத்து வருகிறதோ அதைத்தான் கீழே போடவேண்டும், நான் sdd என்று போட்டது உதாரணம். யூபிஎஸ் இருக்கிறதா?

குடந்தை_ஸ்டுடியோ (வியாழன், மாலை 6:20)

அலமாரியில் வைத்துவிட்டேன், சொருகித்தான் இருந்தது. எழுத்து sdd-யே வந்தது. பைட் நீங்கள் சொன்ன அதே எண். ஓடுகிறது:

```
[=>...................]  recovery =  8.4% (328178432/3906886144) finish=402.7min speed=148100K/sec
```

யூபிஎஸ் அரை மணி தாங்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எங்கள் பகுதிக்குச் சனிக்கிழமை என்று பேப்பரில் போட்டிருந்தது, அதனால்தான் இன்றே ஆரம்பித்தேன்.

வெண்ணாறு (வியாழன், மாலை 6:34)

நல்லது. அந்த 402 நிமிடத்தை நம்பாதீர்கள், டிஸ்க்கின் உள்வட்டம் போகப் போக வேகம் குறையும், எட்டு ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு எடிட்டிங் வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் முறையாக அணையுங்கள், எழுந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

குடந்தை_ஸ்டுடியோ (வெள்ளி, காலை 6:05)

முகூர்த்தத்துக்குக் கிளம்பும் முன் பார்த்தேன். முடிந்துவிட்டது, [UUUU]. ஆனால் புது டிஸ்க் பக்கத்தில் sdd[5] என்று இருக்கிறது. இருப்பது நான்கு, 5 எங்கிருந்து வந்தது? sde-யின் 197 இன்னும் 8-லேயே நிற்கிறது.

வெண்ணாறு (வெள்ளி, காலை 7:10)

அடைப்புக்குள் இருப்பது வருகைப் பதிவு எண் மாதிரி. போனவர் எண்ணைப் புதியவருக்குக் கொடுப்பதில்லை, அடுத்த எண் கொடுக்கும். இடம் சரியாக இருக்கிறதா என்பதை UUUU-வில் பாருங்கள்.

8-லேயே நிற்பது கொஞ்சம் விசித்திரம். அந்த இடங்கள் தொகுப்பு பயன்படுத்தாத வாலில் இருக்கலாம், அல்லது படிக்க முடியாமல் குறித்து வைத்துவிட்டுத் தாண்டியிருக்கலாம். `dmesg`-இல் read error என்று தேடிப் பாருங்கள், `mdadm --examine-badblocks /dev/sdd` என்றும் அடியுங்கள். எப்படியிருந்தாலும் sde-க்கு மாற்று வாங்கி வைத்துவிடுங்கள். அது இன்னும் உள்ளே இருப்பதால் அடுத்த முறை `--replace` போட்டு மாற்றலாம், ஐந்தாவது சாட்டா இடம் இருந்தால். நான்கு பேரும் கடைசி வரை உடன் இருப்பார்கள்.

மாயவரம்_அக்கா (வெள்ளி, காலை 9:30)

இந்த வயதுப் பெட்டிக்கு ரெய்டு 5 போதாது, அடுத்து மாற்றும்போது 6 ஆக்குங்கள் என்பேன்.

மன்னை_மதில் (வெள்ளி, காலை 9:44)

நாலு டிஸ்க்கில் ரெண்டு போனால் மிச்சம் என்ன அக்கா இருக்கும், ஸ்டுடியோக்காரருக்கு இடம்தானே வேண்டும். அந்தக் காசுக்கு இன்னொரு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி வீட்டில் வைக்கட்டும்.

குடந்தை_ஸ்டுடியோ (ஞாயிறு, இரவு 8:50)

sdd-யில் குறித்த இடம் ஒன்றும் இல்லை, `dmesg`-இலும் பிழை இல்லை. மகாமகப் படங்களை நகலோடு ஒப்பிட்டேன், ஒன்று. sde-க்கு 6 டிபி சொல்லியிருக்கிறேன்.

சிங்கப்பூர் நண்பர் இன்று கூப்பிட்டார். "ஏன்யா இவ்வளவு அலைந்தாய், மூடியின் உள்பக்கம் எந்த ட்ரேயில் எந்த சீரியல் என்று தாள் ஒட்டியிருந்தேனே" என்றார். கழற்றிப் பார்த்தேன், ஒட்டித்தான் இருக்கிறது. அதில் 9KLM மூன்றாவது ட்ரே என்று இருக்கிறது. மூன்று வருடம் முன்பு நானும் தம்பியும் நான்கு ட்ரேயையும் வெளியே எடுத்துத் தூசி தட்டி, கைக்கு வந்த வரிசையில் செருகியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நாகை_உப்புக்காற்று (ஞாயிறு, இரவு 9:15)

எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். என் டிக் டிக் டிஸ்க்குக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

வெண்ணாறு (ஞாயிறு, இரவு 9:22)

நாகை தம்பி, முதலில் அதை மறுபடி மறுபடி சொருகிப் பார்ப்பதை நிறுத்துங்கள். நாஸுக்குள் போட்டால் ரெய்டு அதைப் புது டிஸ்க்காக எடுத்து மேலே எழுதிவிடும், உள்ளே இருப்பதை மீட்காது. தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.